தராசு 0.0000 காட்டினால் போதுமா?

போர்வெல் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை எடை போட்டுக் கண்டுபிடிக்கும் முறை ஒன்று உண்டு. வடிகட்டிய தண்ணீரில் 100 மில்லி எடுத்து, எடை தெரிந்த பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, நீர் முழுவதும் ஆவியாகும்வரை சூடாக்குவார்கள். அப்புறம் 180 டிகிரி ஓவனில் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொருள் உள்ள மூடிய பாத்திரமான டெசிகேட்டரில் வைத்து ஆறவிட்டு, கிண்ணத்தை மறுபடி எடை போடுவார்கள். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்பு. அதை லிட்டருக்குக் கணக்கிட்டால் டி.டி.எஸ். எண் வந்துவிடும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்களைப் போட்டுப் பார்த்தால் இது தராசிடம் கேட்கும் வேலை எவ்வளவு கடினமானது என்று புரியும். கிண்ணம் ஏறக்குறைய 80 கிராம். அதில் ஒட்டியிருக்கும் உப்பு 50 மில்லிகிராம், அதாவது கிராமில் இருபதில் ஒரு பங்கு. காலியான கிண்ணத்தை எடை போட்டது நேற்று. உப்போடு எடை போடுவது இன்று. நேற்றைய தராசும் இன்றைய தராசும் 80 கிராமுக்கு ஒரே எண்ணைச் சொன்னால்தான் கழித்து வரும் விடை உப்பாக இருக்கும். இல்லையென்றால் தராசு இடையில் எவ்வளவு மாறியதோ அதுவும் உப்புக் கணக்கில் சேர்ந்துவிடும்.

எடை போடும் முன் தராசின் மட்டம் பார்க்கவும், அது சூடேறும்வரை காத்திருக்கவும், தரமான எடைக்கல் வைத்துச் சரிபார்க்கவும் சொல்வது இதற்காகத்தான். புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்களுக்கு இந்த மூன்றும் வெறும் சடங்காகத் தெரியும். திரை 0.0000 காட்டுகிறது, இன்னும் என்ன வேண்டும் என்று தோன்றும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

தராசு அளப்பது எதை?

பழைய இரட்டைத் தட்டுத் தராசில் ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் படிக்கல். பூமி இரண்டையும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது. அதனால் சென்னையில் சமமாக நின்றவை ஊட்டியிலும் சமமாகவே நிற்கும். அங்கே நிறை நிறையோடு நேராக ஒப்பிடப்படுகிறது.

இன்றைய எலக்ட்ரானிக் பகுப்பாய்வுத் தராசில் ஒரே தட்டுதான். தட்டு ஒரு நெம்புகோலோடு இணைந்திருக்கும். நெம்புகோலின் மறுமுனையில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது ஒரு நிரந்தரக் காந்தத்தின் புலத்துக்குள் தொங்குகிறது. தட்டில் பொருளை வைத்ததும் நெம்புகோல் மயிரிழை அளவு நகரும். ஒளியால் வேலை செய்யும் ஒரு சென்சார் உடனே அதைக் கண்டுகொள்ளும். நெம்புகோலைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும் அளவுக்குச் சுருளில் மின்னோட்டம் கூட்டப்படும். எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதுதான் தராசு உண்மையில் அளக்கும் ஒரே விஷயம்.

அந்த மின்னோட்டத்தை ஓர் எண்ணால் பெருக்கித்தான் திரையில் கிராமாகக் காட்டுகிறது. அந்த எண் தராசின் நினைவகத்தில் இருக்கிறது. கடைசியாகத் தராசைச் சரிசெய்தபோது, தெரிந்த நிறையுள்ள ஒரு கல்லுக்கு இவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்று பதிவான விகிதம் அது. இந்தக் கட்டுரையில் அதைப் பெருக்கெண் என்றே சொல்வோம்.

இந்தப் பெருக்கெண் சரியாக இருக்க மூன்று விஷயங்கள் அன்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும். தட்டை அழுத்தும் விசையின் திசை, காந்தத்தின் வலிமை, அந்த இடத்தின் ஈர்ப்பு. திசை மட்டத்தைப் பொறுத்தது. காந்தம் வெப்பத்தைப் பொறுத்தது. ஈர்ப்பு இடத்தைப் பொறுத்தது. இவற்றில் எது மாறினாலும் தராசுக்கு அது தெரியாது. அது பழைய எண்ணாலேயே பெருக்கிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெருக்கெண் தவறாக இருந்தாலும் காலித் தட்டு 0.0000 தான் காட்டும். சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம்தானே! டேர் பொத்தானை அழுத்துவது சுழியத்தை மட்டும்தான் சரிசெய்கிறது, பெருக்கெண்ணைத் தொடுவதில்லை. பொருள் கனமாக ஆக ஆகத்தான் பிழை வெளியே வரும். 80 கிராம் கிண்ணத்தில் தெரியும் பிழை அரை கிராம் மாதிரியில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

சாய்ந்த தராசு எப்போதும் குறைத்தே காட்டும்

தட்டு மேலும் கீழும் மட்டுமே நகரும்படி உள்ளே வழிகாட்டித் தகடுகள் பிடித்திருக்கும். தராசு நேராக நிற்கும்போது அந்த வழியும் பூமி இழுக்கும் திசையும் ஒன்றே. தராசு சற்றுச் சாய்ந்தால் அந்த வழியும் சேர்ந்து சாய்ந்துவிடும். பூமி மட்டும் முன்போலவே நேர் கீழே இழுக்கும். அந்த இழுப்பில் ஒரு பகுதி வழிகாட்டித் தகடுகள் மீது பக்கவாட்டில் விழுந்துவிடும். மீதிதான் சுருளுக்குத் தெரியும்.

```
F = m × g × cos θ
```

சாய்வு கோணம் θ சுழியமாக இருந்தால் cos θ ஒன்று. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது ஒன்றைவிடக் குறைந்துவிடும். அதனால் நேராக நிற்கும்போது சரிசெய்த தராசு, பிறகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எடையைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது.

எவ்வளவு குறையும்? 80 கிராம் கிண்ணத்துக்கு 0.1 டிகிரி சாய்வில் 0.12 மில்லிகிராம் குறையும். இது கடைசி இலக்கத்தின் அளவு. 0.3 டிகிரியில் 1.1 மில்லிகிராம். ஒரு டிகிரியில் 12 மில்லிகிராம். சாய்வு மூன்று மடங்கானால் பிழை ஒன்பது மடங்காகிறது.

0.3 டிகிரி கண்ணுக்குத் தெரியாது. தராசின் முன்கால்களுக்கும் பின்காலுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் உயர்ந்தாலே போதும். மேசையைத் துடைப்பவர் தராசை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி இழுத்து வைக்கும்போது ஒரு கால் கல்மேசையின் இணைப்புப் பிளவின் மீது ஏறி நின்றாலே அந்த ஒன்றரை மில்லிமீட்டர் வந்துவிடும்.

இப்போது நம் கிண்ணத்துக்கு வருவோம். நேற்று தராசு மட்டமாக இருந்தது. காலிக் கிண்ணம் 80.2146 கிராம். தண்ணீரில் உண்மையில் லிட்டருக்கு 505 மில்லிகிராம் உப்பு இருக்கிறது, அதாவது 100 மில்லியில் 50.5 மில்லிகிராம். இன்று கிண்ணம் 80.2651 காட்ட வேண்டும். இரவில் தராசு 0.3 டிகிரி சாய்ந்துவிட்டது, யாரும் குமிழியைப் பார்க்கவில்லை. திரையில் வருவது 80.2640. கழித்தால் 49.4 மில்லிகிராம், லிட்டருக்கு 494. ஐந்நூறைத் தாண்டிய தண்ணீர் காகிதத்தில் ஐந்நூறுக்குள் வந்துவிட்டது. திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை, எண் நிலையாக நின்றது, சுழியமும் சரியாக இருந்தது.

இதே சாய்ந்த தராசில் காலிக் கிண்ணத்தை வைத்து டேர் செய்து, உடனே அதில் அரை கிராம் உப்பை எடுத்துப் போட்டிருந்தால் பிழை தெரிந்திருக்காது. கிண்ணத்துக்கான குறைவு இரண்டு முறையும் ஒன்றே என்பதால் கழிந்துபோகும். அரை கிராமுக்கான குறைவு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. "நாங்கள் மட்டமே பார்ப்பதில்லை, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர்கள் செய்யும் வேலை அப்படிப்பட்டது. கனமான பாத்திரத்தை வெவ்வேறு நேரங்களில் எடை போட்டுக் கழிப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

மட்டமாக வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சரியான மட்டத்தில் நிற்கும் தராசு சின்ன அசைவுகளைப் பொருட்படுத்தாது. யாரோ மேசையில் கை ஊன்றி அது 0.01 டிகிரி சாய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மட்டமான தராசில் 80 கிராமுக்கு வரும் மாற்றம் மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஏற்கெனவே அரை டிகிரி சாய்ந்து நிற்கும் தராசு அதே பக்கம் இன்னும் 0.01 டிகிரி சாய்ந்தால் மாற்றம் 0.12 மில்லிகிராம். நூறு மடங்கு! கடைசி இலக்கம் ஏன் இப்படி ஆடுகிறது என்று கதவையும் காற்றையும் தேடிக்கொண்டிருப்பவர்கள் முதலில் குமிழியைப் பார்ப்பது நல்லது.

மட்டம் பார்ப்பது எப்படி? தராசின் முன்புறமோ பின்புறமோ ஒரு சிறு வட்டக் கண்ணாடிக்குள் திரவமும் ஒரு காற்றுக் குமிழியும் இருக்கும். குமிழி எப்போதும் உயர்ந்த பக்கமே போகும். அது வலது பின் மூலையில் ஒட்டியிருந்தால் அந்த மூலை உயர்ந்திருக்கிறது என்று பொருள். தராசின் கால்களில் இரண்டு திருகக்கூடியவை. இரண்டையும் ஒரே திசையில் ஒரே அளவு திருகினால் குமிழி முன்னும் பின்னும் நகரும். எதிரெதிர்த் திசையில் திருகினால் இடமும் வலமும் நகரும். முதலில் குமிழியை இடவலமாக நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு முன்பின்னாக நகர்த்துவதுதான் சுலபம். இரண்டையும் கலந்து செய்தால் குமிழி சுற்றிச் சுற்றி வரும். குமிழியை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நடுவில் இருப்பது ஓரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

திருகி முடித்ததும் தட்டில் பொருளை வைத்துவிடக் கூடாது. நினைவகத்தில் உள்ள பெருக்கெண் பழைய சாய்வில் எடுத்ததாக இருக்கலாம். சாய்ந்த தராசைச் சாய்ந்த நிலையிலேயே யாராவது சரிசெய்திருந்தால், அந்தக் குறைவையும் ஈடுகட்டித்தான் பெருக்கெண் பதிவாகியிருக்கும். அந்தச் சாய்வு மாறாதவரை எண் சரியாகவே வரும். நீங்கள் வந்து நல்ல எண்ணத்தோடு மட்டமாக்கினால் இனிமேல் கூடுதலாகக் காட்டும். அதனால் கால் திருகைத் தொட்டால் தராசை மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும்.

சூடேறும்வரை காத்திருப்பது

காந்தம் சூடானால் அதன் வலிமை குறையும். இவ்வகைக் கருவிகளில் பயன்படும் சமேரியம்-கோபால்ட் காந்தங்கள் வெப்பத்தை நன்றாகத் தாங்குபவை. அவற்றின் வலிமையும் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய நூற்றில் 0.03 முதல் 0.04 பங்கு வரை குறைகிறது. சிறிய எண்ணாகத் தோன்றும். 80 கிராமில் 0.03 சதவீதம் என்பது 24 மில்லிகிராம்! நம் உப்பில் பாதி. காந்தம் தளர்ந்தால் அதே எடையைத் தாங்க அதிக மின்னோட்டம் வேண்டும், தராசு அதை அதிக எடையாகப் படிக்கும்.

இதைத் தயாரிப்பாளர்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை. உள்ளே ஒரு வெப்ப சென்சார் வைத்து, இத்தனை டிகிரியில் இவ்வளவு திருத்தம் என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடுகிறார்கள். திருத்தத்துக்குப் பின் மிஞ்சும் மாற்றம் நல்ல தராசுகளில் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். 80 கிராமுக்கு அது ஒரு டிகிரியில் 0.08 முதல் 0.16 மில்லிகிராம்.

ஆனால் இந்தத் திருத்தம் ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது. சென்சார் இருக்கும் இடத்தின் வெப்பமும் காந்தத்தின் வெப்பமும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பதே அது. பிளக்கைச் செருகிய முதல் நிமிடங்களில் இது உண்மையில்லை. மின்சுற்றுகள் முதலில் சூடாகும். சுருளில் ஓடும் மின்னோட்டம் சுருளைச் சூடாக்கும். கனமான உலோகத்தாலான காந்தம் மெதுவாகப் பின்தொடரும். நெம்புகோலின் ஒரு கை மறு கையைவிடச் சற்று முன்னதாகவே சூடாகி நீளும். எல்லாம் ஒரு சமநிலைக்கு வந்து, உள்ளே உண்டாகும் வெப்பமும் வெளியே போகும் வெப்பமும் ஈடாகும்வரை திருத்தம் சரியாக வராது. வார்ம்-அப் என்று சொல்வது இந்தச் சமநிலைக்கான காத்திருப்பு.

எவ்வளவு நேரம்? அந்தத் தராசின் கையேட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு. நான்கு தசம இடம் காட்டும் தராசுகளுக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம்வரை சொல்வது வழக்கம். இன்னும் நுண்ணிய மைக்ரோ தராசுகளுக்கு அதைவிட நீளும். இந்த நேரம் பிளக்கைச் செருகியதிலிருந்து கணக்கு. பெரும்பாலான தராசுகளில் `OFF` பொத்தான் திரையை மட்டுமே அணைக்கிறது, உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் மாலையில் வீட்டுக்குப் போகும்போது சுவிட்ச்சை அணைக்காமல், திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போனால் காலையில் தராசு தயாராக இருக்கும். சிக்கனம் என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கி வைப்பது ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். மின்வெட்டு உள்ள இடங்களில் தராசுக்கு ஒரு சிறு யு.பி.எஸ். போடுவது இதனால்தான். பத்து நிமிடம் கரன்ட் போய் வந்தாலும் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.

தராசு சூடாகத்தான் இருக்கிறது, அறைதான் மாறிவிட்டது என்ற நிலையும் உண்டு. இரவெல்லாம் ஏ.சி. அணைந்து 31 டிகிரியில் கிடந்த அறை. காலை ஒன்பது மணிக்கு ஏ.சி. போட்டு, பத்து மணிக்குள் 24 ஆகிவிட்டது. சுவர் வெப்பமானி 24 காட்டும். தராசின் உள்ளே அவ்வளவு சீக்கிரம் ஆறியிருக்காது. சென்சாரும் காந்தமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அதே சிக்கல் இப்போது தலைகீழாக நடக்கும். தமிழ்நாட்டு ஆய்வகங்களில் பிளக்கைச் செருகும் வார்ம்-அப்பைவிட இந்த ஏ.சி. விவகாரம்தான் அதிகத் தொல்லை தருவது என்பேன். தராசு அறைக்கு மட்டுமாவது இரவும் பகலும் ஒரே வெப்பநிலை இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். முடியாவிட்டால் நுண்ணிய எடைகளை மதியத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

தராசு இன்னும் தயாராகவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? காலித் தட்டோடு கண்ணாடிக் கதவுகளை மூடி, டேர் செய்துவிட்டுத் திரையைப் பாருங்கள். 0.0000, 0.0001, 0.0003, 0.0004 என்று ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் வெப்பம் இன்னும் நிலைக்கவில்லை. 0.0001, 0.0000, -0.0001 என்று இரண்டு பக்கமும் ஆடினால் அது காற்று அல்லது அதிர்வு. ஒரு பக்கமாக நகர்வதும் ஆடுவதும் வெவ்வேறு நோய்கள். ஆனால் சுழியம் நின்றுவிட்டது என்பதாலேயே பெருக்கெண்ணும் நிலைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதைக் காட்டுவதற்குத் தட்டில் எடை வேண்டும்.

கூடவே ஒன்று: தராசின் வெப்பம் நிலைத்திருந்தால் மட்டும் போதாது, கிண்ணமும் ஆறியிருக்க வேண்டும். சூடான கிண்ணத்தைச் சுற்றிக் காற்று மேலெழும்பித் தட்டைத் தூக்கும், எடை குறைவாகத் தெரியும். எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனால் கிண்ணம் இன்னும் ஆறவில்லை என்று சந்தேகப்படலாம்.

எடைக்கல் என்ன சொல்கிறது?

மட்டம் சரி, வெப்பம் சரி. அடுத்தது பெருக்கெண்ணைப் புதுப்பிப்பது. பல தராசுகளின் உள்ளேயே ஒரு எடைக்கல் இருக்கும். `CAL` பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு மோட்டார் அதை இறக்கி வைக்கும். தராசு மின்னோட்டத்தை அளந்து பெருக்கெண்ணைத் திருத்திக்கொள்ளும். சில தராசுகள் வெப்பம் மாறினால் தாமாகவே இதைச் செய்யும். இது சரிசெய்தல்.

வெளியிலிருந்து ஒரு தரமான எடைக்கல்லைத் தட்டில் வைத்து, திரை என்ன சொல்கிறது என்று பார்ப்பது சரிபார்த்தல். ஆய்வகப் பேச்சில் இரண்டையும் கேலிபரேஷன் என்றே சொல்லிவிடுகிறோம், அதில்தான் குழப்பம். உள்ளே இருக்கும் கல்லில் தூசி படிந்திருந்தால், இறக்கி வைக்கும் பொறி தேய்ந்திருந்தால், தராசு அந்தத் தவறான கல்லைச் சரி என்று நம்பித் தன்னைத் திருத்திக்கொள்ளும். அது தவறா என்று சொல்லத் தராசுக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்.

ஈர்ப்பு விஷயமும் இங்கேதான் வருகிறது. தரையிலிருந்து மேலே போகப் போகப் பூமியின் இழுப்பு குறைகிறது. மூன்று மீட்டர் உயர மாடி ஒன்று ஏறினால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிகிராம் குறைவாகக் காட்டும். தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குத் தராசை மாற்றினால் 0.3 மில்லிகிராம். சென்னையில் சரிசெய்ததை அப்படியே ஊட்டிக்குக் கொண்டுபோனால் 100 கிராமுக்குப் பல பத்து மில்லிகிராம் குறையும். வாங்கும்போது கம்பெனியில் சரிசெய்து அனுப்பிய தராசை நிறுவும் இடத்தில் மறுபடி சரிசெய்வது இதற்காகத்தான்.

எந்தக் கல் வேண்டும்? எடைக்கற்களுக்குச் சர்வதேச வகுப்புகள் உண்டு: E1, E2, F1, F2, M1 என்று போகும். 100 கிராம் கல்லுக்கு E2 வகுப்பில் அனுமதிக்கும் பிழை 0.16 மில்லிகிராம், F1-இல் 0.5, M1-இல் 5. நான்கு தசமத் தராசுக்கு E2 பொருத்தம். சான்றிதழில் உள்ள மதிப்பைப் பயன்படுத்தினால் F1-உம் உதவும். M1 இந்த வேலைக்கு ஆகாது. கல்லின் மீது 100 g என்று பொறித்திருப்பதை நம்பக் கூடாது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் தந்த சான்றிதழில் 100.0001 கிராம் என்று இருந்தால் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் 100.0001 தான்.

கல்லைக் கையால் தொடக் கூடாது. விரல் ரேகையின் எண்ணெய்ப்பசை அதன் மீது படிந்தால் எடை கூடும், உள்ளங்கையின் சூடும் அதற்கு ஏறும். முனையில் பிளாஸ்டிக்கோ மெல்லிய தோலோ போட்ட இடுக்கியால் எடுத்து, தட்டின் நடுவில் வைக்க வேண்டும். கல் இருக்கும் பெட்டியையும் தராசு அறையிலேயே வைத்திருந்தால் வெப்பம் ஒத்துப்போகும்.

நம் கிண்ணக் கதையை இப்போது கல்லோடு சேர்த்துப் பார்ப்போம். நேற்றுக் காலை 100 கிராம் கல் 100.0001 காட்டியது, லாக்புக்கில் எழுதியாயிற்று. இன்று காலை கிண்ணத்தை எடுப்பதற்கு முன் அதே கல்லை வைத்திருந்தால் 99.9987 என்று வந்திருக்கும். 0.3 டிகிரி சாய்வு 100 கிராமிலிருந்து 1.4 மில்லிகிராமைத் தின்றுவிட்டது. சுழியத்தில் தெரியாதது கல்லில் நேராகத் தெரிகிறது. உடனே குமிழியைப் பார்த்து, மட்டமாக்கி, தராசைச் சரிசெய்து, கல்லை மறுபடி வைத்து 100.0001 வந்த பிறகு கிண்ணத்தை வைத்தால் 80.2651, அதாவது 505.

இந்த வேலையில் கல்லின் உண்மையான நிறை எவ்வளவு என்பதைவிட, இரண்டு நாளும் ஒரே கல் ஒரே எண்ணைக் காட்டியதா என்பது முக்கியம். கல்லில் 0.2 மில்லிகிராம் பிழை இருந்தாலும் இரண்டு நாளும் அது ஒன்றே, கழிந்துபோகும். அதனால்தான் "பாஸ்" என்று டிக் போடுவதைவிடத் திரையில் வந்த எண்ணையே எழுதிவைக்கச் சொல்கிறோம். 100.0001, 100.0000, 99.9999, 99.9998 என்று ஒரு வாரமாக இறங்கிக்கொண்டிருப்பது டிக்குகளில் தெரியாது.

எவ்வளவு வித்தியாசம்வரை பொறுக்கலாம் என்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மருந்து ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்க மருந்துத் தரநூலின் 41-ஆம் பொது அத்தியாயம், சரிபார்க்கும் கல்லின் எடையில் 0.10 சதவீதத்துக்குள் தராசு காட்ட வேண்டும் என்கிறது. டேர் செய்துவிட்டு உடனே மருந்துப் பொடியை எடை போடும் வேலைக்கு அது பொருத்தமான வரம்பு. பொடியின் எடையில் வரும் பிழையும் அதே விகிதத்தில்தான் இருக்கும். ஆனால் 100 கிராமில் 0.10 சதவீதம் என்பது 100 மில்லிகிராம். அதை அப்படியே எடுத்து நம் கிண்ண வேலைக்கு வைத்தால், மொத்த உப்பைப் போல இரண்டு மடங்கு பிழை உள்ள தராசும் தேறிவிடும்!

நம் வரம்பை நம் வேலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். கிண்ணம் முழுதாக உலர்ந்துவிட்டதா என்று பார்க்க, அடுத்தடுத்த இரண்டு எடைகளின் வித்தியாசம் 0.5 மில்லிகிராமுக்குள் வருகிறதா என்று பார்ப்பது இந்தச் சோதனையில் வழக்கம். தராசே 0.5 மில்லிகிராம் மாறக்கூடியதாக இருந்தால், மாறியது கிண்ணமா தராசா என்று சொல்ல முடியாது. அதனால் 100 கிராம் கல்லுக்கு 0.2 அல்லது 0.3 மில்லிகிராம் என்று வரம்பு வைப்பது நியாயம். 50 மில்லிகிராம் உப்பில் 0.3 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 3 மில்லிகிராம் மட்டுமே.

கல் வரம்பைத் தாண்டினால் உடனே `CAL` அழுத்திப் பெருக்கெண்ணை மாற்றிவிடுவது பலருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் காரணம் மறைந்துவிடும். முதலில் குமிழி, அப்புறம் தட்டின் அடியில் ஏதாவது சிந்தியிருக்கிறதா, பிளக் எப்போது செருகியது, ஏ.சி. எப்போது போட்டது, கல் தட்டின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பார்த்த எண்ணையும் எழுதிவிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். சரிசெய்த பிறகும் கல் ஒத்துவரவில்லை என்றால் தராசை நிறுத்திவைத்து சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

அதோடு, கடைசியாகக் கல் சரியாகக் காட்டிய நேரத்துக்கும் இப்போதைக்கும் இடையில் அந்தத் தராசில் போட்ட எடைகள் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. காலையில் மட்டும் கல் வைத்துப் பார்ப்பவருக்கு அது ஒரு முழு நாள் வேலை. மாலையிலும் ஒருமுறை வைத்துப் பார்ப்பவருக்கு, தவறு நடந்தது பகலிலா இரவிலா என்பதாவது தெரிந்துவிடும். உப்புக் கிண்ணங்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல விஷயம் உண்டு. அவற்றைக் கழுவாமல் டெசிகேட்டரில் வைத்திருந்தால், மறுபடி 180 டிகிரியில் உலர்த்தி, ஆறவிட்டு, சரியான தராசில் எடை போட்டுக்கொள்ளலாம். அதனால் அன்றைய கல் சோதனை முடிந்து எண் லாக்புக்கில் ஏறும்வரை கிண்ணங்களைக் கழுவப் போட வேண்டாம்.